இரண்டரை கூடினால் எத்தனை கூடியது?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் உலகப் பொருளாதாரத்தின் போக்கு, இந்தியாவின் அடுத்த கால் நூற்றாண்டு என்று பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு. முதுகலை விடைத்தாள்களிலும் போட்டித் தேர்வுகளிலும் மதிப்பெண் சரிகிற இடங்களில் இது ஒன்று. நாளிதழ்களின் வணிகப் பக்கத்திலும் அடிக்கடி தடுமாறுகிறது. பீடிகை போதும், கணக்குக்கு வருகிறேன்.

கரும்பலகையில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. உயர்வு எவ்வளவு?

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி. அதை உயர்த்தியது ஆறு படிகளில். 2022 மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்ட அட்டவணைக்கு வெளியே கூடிய நிதிக் கொள்கைக் குழு 4 என்பதை 4.40 ஆக்கியது. ஜூனில் 4.90. ஆகஸ்டில் 5.40. செப்டம்பர் கடைசியில் 5.90. டிசம்பரில் 6.25. அடுத்த பிப்ரவரியில் 6.50. இதில் எந்த எண்ணிலும் சந்தேகம் இல்லை. ஆனாலும் உயர்வு எவ்வளவு என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி இரண்டரை என்று சொல்லும், மறு பாதி அறுபத்திரண்டரை என்று சொல்லும்.

இரண்டுமே சரியான கணக்குதான். ஆறரையிலிருந்து நான்கைக் கழித்தால் இரண்டரை. இது சதவீதப் புள்ளி. அந்த இரண்டரையைத் தொடக்க எண்ணான நான்கால் வகுத்து நூறால் பெருக்கினால் 62.5. இது சதவீதம். முன்னது கழித்தலோடு நின்றுவிடுகிறது. பின்னது கழித்த பிறகு, எங்கிருந்து புறப்பட்டோமோ அந்த எண்ணோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் இவ்வளவுதான். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இந்த இரண்டு எண்களில் எது யார் வீட்டுக்குள் எப்படி வந்து இறங்குகிறது என்பதைப் பார்க்கத்தான் மீதி நேரம்.

முதலில் ஒரு தகராறைத் தீர்த்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் ரெப்போ 6.50லிருந்து 6.25 ஆனது. மறுநாள் செய்தித்தாளில் 'வட்டி விகிதம் 0.25 சதவீதம் குறைப்பு' என்று வந்தால் நாம் யாரும் குழம்ப மாட்டோம். சொல்ல வந்தது என்ன என்று தெரியும். ஆனால் எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஆறரையில் 0.25 சதவீதம் என்பது 0.01625. புதிய விகிதம் 6.48375 ஆக இருந்திருக்க வேண்டும். முப்பது லட்ச ரூபாய் அசலுக்கு இந்தக் குறைப்பு மாதம் சுமார் 41 ரூபாய். உண்மையான கால் புள்ளிக் குறைப்பு மாதம் 625 ரூபாய். செய்தியில் நாம் ஊகித்துச் சமாளித்துக்கொள்கிறோம். கடன் ஒப்பந்தத்திலோ தேர்வுத் தாளிலோ ஊகத்துக்கு இடம் கிடையாது.

இந்தத் தொல்லைக்காகவே வங்கித் துறையினர் புள்ளியையும் நூறாக உடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதவீதப் புள்ளி என்பது நூறு பேசிஸ் பாயிண்ட். அவர்கள் இருபத்தைந்து பாயிண்ட் குறைத்தார்கள் என்று சொன்னால் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

வட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் புள்ளியை விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. புள்ளிகளைக் கூட்டலாம், கழிக்கலாம், ஏறிய வழியே இறங்கலாம். ரெப்போ நான்கிலிருந்து ஆறரைக்கு ஏறியது இரண்டரைப் புள்ளி. 2025இல் நான்கு முறையாகக் குறைத்து, டிசம்பரில் 5.25க்கு வந்தது. இறக்கம் ஒன்றேகால் புள்ளி. ஏறியதில் சரிபாதி இறங்கியாயிற்று என்று உடனே சொல்லிவிடலாம். சதவீதத்தில் சொன்னால் ஏற்றம் 62.5, இறக்கம் 19.2. பத்தொன்பது எப்படி அறுபத்திரண்டரையில் பாதியாகும்? ஆகாது. ஏறும்போது நான்கால் வகுத்தோம், இறங்கும்போது ஆறரையால் வகுக்கிறோம். முழுவதும் இறங்கி மறுபடி நான்குக்கே வந்தாலும் இறக்கம் 38.5 சதவீதம்தான். ஏறியது 62.5, இறங்கியது 38.5, ஆனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம். மாணவர்கள் இந்த இடத்தில் பிழை செய்வது கணக்குத் தெரியாமல் அல்ல. அடுத்தடுத்து வரும் சதவீதங்களை ரூபாயைப் போலக் கூட்டிக் கழிக்கலாம் என்ற பழக்கத்தால்.

அப்படியானால் எப்போதும் புள்ளியிலேயே பேசிவிடலாமே என்று தோன்றும். பேசலாம், ரிசர்வ் வங்கியின் மேசையில். வீட்டில் முடியாது. ஒரு வீட்டுக் கடனை எடுத்துக்கொண்டு அதைக் காட்டுகிறேன். இன்றைய உரையில் நான் நிறுத்திப் பேச விரும்புவது இதைத்தான்.

2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறு வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கின்றன. ரெப்போவுக்கு மேல் வங்கி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். அதை மூன்று புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ரெப்போ நான்காக இருந்தபோது ஒருவருக்கு 7 சதவீதத்தில் கடன். முப்பது லட்சம், இருபது ஆண்டு, 240 மாதத் தவணை. ரெப்போ ஆறரை ஆனதும் அவருடைய வட்டி 9.5 சதவீதம். உண்மையில் படிப்படியாக ஏறியது, இடையில் கொஞ்சம் அசலும் கரைந்திருக்கும். கணக்கு எளிதாக இருப்பதற்காக, முழுக் கடனும் முதலில் 7 சதவீதத்திலும் பிறகு 9.5 சதவீதத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்று அருகருகே வைத்துப் பார்ப்போம்.

7 சதவீதத்தில் தவணை 23,259 ரூபாய். இனி வகுப்பிடம் கேட்கிறேன், 9.5 சதவீதத்தில் எவ்வளவு இருக்கும்? துல்லியமாக வேண்டாம், மதிப்பாகச் சொல்லுங்கள் என்றால் மூன்று வகை விடை வரும். வட்டி இரண்டரை கூடியது, தவணையும் இரண்டரை சதவீதம் கூடும், ஆகவே ஏறக்குறைய 23,840 என்பது ஒன்று. இது புள்ளியைச் சதவீதமாகப் படித்ததால் வந்த விடை. ரெப்போ 62.5 சதவீதம் ஏறியது என்று செய்தியில் படித்துவிட்டு, தவணை 37,000 தாண்டிவிடும் என்று பதறுவது இன்னொன்று. இவர் கடன் வாங்கியவரின் வட்டியை விட்டுவிட்டு வங்கியின் வட்டியால் வகுத்துவிட்டார். மூன்றாமவர் கொஞ்சம் கவனமானவர். கடன்காரரின் வட்டி ஏழிலிருந்து ஒன்பதரை, ஏழில் இரண்டரை என்றால் 35.7 சதவீதம், தவணையும் அதே அளவு கூடி 31,566 ஆகும் என்பார்.

சரியான தவணை 27,964. உயர்வு 4,705 ரூபாய், அதாவது 20.2 சதவீதம். மூவரில் யாருடைய விடையும் இல்லை.

மூன்றாமவர் எங்கே தவறினார் என்பதுதான் சுவையான இடம். ஏனென்றால் அவருடைய 35.7 பொய்யான எண் இல்லை. முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள். முப்பது லட்சத்துக்கு 7 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 17,500. தவணை 23,259இல் அது போக மீதி 5,759 அசலுக்குப் போகிறது. 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 23,750. வட்டிப் பகுதி 6,250 கூடியிருக்கிறது. 17,500இல் 6,250 என்பது மிகச் சரியாக 35.7 சதவீதம். அப்படியானால் தவணை மட்டும் ஏன் 4,705 மட்டுமே கூடியது? அசலுக்குப் போகும் தொகையை வங்கியின் கணக்கு 5,759லிருந்து 4,214 ஆகக் குறைத்துவிட்டது. அங்கே குறைந்த 1,545 ரூபாய்தான் தவணையின் ஏற்றத்தை மட்டுப்படுத்தியது. 6,250இல் 1,545 போனால் 4,705.

மட்டுப்பட்டதே என்று மகிழ வேண்டியதில்லை. ஆரம்பத்தில் அசல் மெதுவாகக் கரைந்தால் அந்த அசலுக்கு இன்னும் அதிக மாதங்கள் வட்டி ஓடும். இருபது ஆண்டின் மொத்த வட்டியைப் பாருங்கள். 7 சதவீதத்தில் 25 லட்சத்து 82 ஆயிரம். 9.5 சதவீதத்தில் 37 லட்சத்து 11 ஆயிரம். உயர்வு 43.7 சதவீதம். ஆக ஒரே நிகழ்ச்சிக்கு நான்கு எண்கள் கிடைத்துவிட்டன. வட்டி விகிதம் இரண்டரைப் புள்ளி கூடியது. அதே விகிதம் 35.7 சதவீதம் கூடியது. தவணை 20.2 சதவீதம் கூடியது. மொத்த வட்டி 43.7 சதவீதம் கூடியது. எதைச் சொன்னாலும் உண்மைதான். வங்கியின் விளம்பரத் துறை எதைச் சொல்லும், கடன்காரரின் மனைவி எதைச் சொல்வார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

கடனின் காலம் குறைந்தால் படம் மாறும். இதே முப்பது லட்சத்தை ஐந்தே ஆண்டில் அடைப்பவருக்குத் தவணை 59,404லிருந்து 63,006 ஆகும். உயர்வு ஆறு சதவீதம்தான். அவருடைய தவணையில் பெரும்பகுதி அசல், வட்டிக்கு அங்கே இடம் குறைவு. ஆகவே இரண்டரைப் புள்ளி உயர்ந்தால் தவணை எத்தனை சதவீதம் உயரும் என்று தேர்வில் கேட்டு, காலத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. தயங்காமல் அப்படியே எழுதலாம்.

இந்தக் கடனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வட்டி ஏறிய அந்த நாட்களில் பல வங்கிகள் தவணைத் தொகையை மாற்றாமல் மாதங்களின் எண்ணிக்கையை நீட்டின. வாடிக்கையாளரும் மாதம் அதே பணம்தானே என்று இருந்துவிட்டார். நம் கணக்கில் அப்படிச் செய்தால் எத்தனை மாதம் நீளும்? பழைய தவணை 23,259. புதிய முதல் மாத வட்டி 23,750. தவணை வட்டிக்கே போதவில்லை. மாதம் 491 ரூபாய் பாக்கி விழுந்து அசலோடு சேரும், அடுத்த மாதம் அதற்கும் வட்டி. ஆயிரம் மாதம் கட்டினாலும் கடன் முடியாது, வளர்ந்துகொண்டே போகும். இரண்டரை என்ற சின்ன எண்ணைக் கேட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு நீளும் போலிருக்கிறது என்று நினைத்தவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எந்த வட்டியில் இந்த நிலை தொடங்கும் என்பதையும் கண்டுபிடிக்கலாம். தவணையைப் பன்னிரண்டால் பெருக்கி அசலால் வகுத்தால் 9.3 சதவீதம். அதற்குக் கீழே கடன் என்றாவது முடியும். அதைத் தொட்டுவிட்டால் முடியாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்ற தெரிவை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும், காலத்தை நீட்டுவதால் அசல் வளரும் நிலை வந்துவிடக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது.

கடன்காரரை விட்டு வைப்பாளரிடம் வருவோம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோரில் சிலருக்கு இது நேரடிச் செய்தி. ஓய்வு பெற்றபோது கிடைத்த பத்து லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 70,000. முதிர்வு முடிந்து புதுப்பிக்கும்போது விகிதம் 6 சதவீதம். ஒரு புள்ளிதான் குறைந்தது என்பார் கவுண்டரில் இருப்பவர். உங்களுக்குக் கிடைப்பது 60,000. வருமானம் 14.3 சதவீதம் போய்விட்டது. கடன்காரரின் தவணையில் அசல் என்ற மெத்தை இருந்தது, அது ஏற்ற இறக்கத்தின் வேகத்தைக் குறைத்தது. வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பவருக்கு அந்த மெத்தை இல்லை. விகிதத்தின் சதவீத மாற்றம் முழுசாக அவர் கைக்கு வருகிறது.

பழையபடி 70,000 கிடைக்க வேண்டுமென்றால் எவ்வளவு முதல் வேண்டும்? மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 14.3 சதவீதம் கூட்டுவார்கள். 11 லட்சத்து 43 ஆயிரம். அதற்கு 6 சதவீதம் 68,580தான், குறைகிறது. சரியான விடை 11,66,667, அதாவது 16.7 சதவீதம் கூடுதல் முதல். ரெப்போ கணக்கில் பார்த்த அதே சங்கதிதான், இறங்கும்போது ஏழால் வகுத்தோம், ஏறும்போது ஆறால் வகுக்க வேண்டும்.

நம் ஊர்க் கைமாற்று வட்டியில் ஒரு கேள்வி கேட்கிறேன். 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் என்பதற்காக ஒருவர் ரெண்டு வட்டியை ஒன்றரையாகக் குறைத்தார். எவ்வளவு குறைத்தார்? அரைப் புள்ளி என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே வங்கி கால் புள்ளி குறைத்ததை எழுதி, இவர் வங்கியைப் போல இரண்டு மடங்கு தாராளம் என்று முடித்துவிட்டால் கணக்குக் கோணலாகிவிடும். இவருடைய அரை, மாதக் கணக்கில் அரை. ஆண்டுக்கு மாற்றினால் 24லிருந்து 18, ஆறு புள்ளிக் குறைப்பு. சதவீதப் புள்ளிக்கு ஒரு காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மாதமா ஆண்டா என்று கேட்காமல் அதை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. சதவீத மாற்றத்துக்கு அந்தத் தளை இல்லை. இரண்டிலிருந்து ஒன்றரை என்றாலும், 24லிருந்து 18 என்றாலும் குறைவு 25 சதவீதம்தான். குறைத்த பிறகும் 18 சதவீதம் என்பதை வாங்குகிறவர் மறக்காமல் இருப்பது நல்லது.

இனி வளர்ச்சி விகிதம். இங்கே பிழை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. வட்டி விகிதம் குறைந்தால் வட்டி குறையும். வளர்ச்சி விகிதம் குறைந்தால் வளர்ந்த பொருள் குறையாது, மெதுவாக வளரும். ஒரு நாட்டின் உற்பத்தி 100 லட்சம் கோடி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 8 சதவீத வளர்ச்சி, இரண்டாம் ஆண்டு 6 சதவீதம். இரண்டாம் ஆண்டின் முடிவில் உற்பத்தி எவ்வளவு? 106 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சதவீதம் சரிந்தது என்று படித்துவிட்டு 108லிருந்து இரண்டு சதவீதத்தைக் கழித்து 105.84 என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். சரியான விடை 108இன் மேல் 6 சதவீதம், 114.48.

விகிதம் இரண்டு புள்ளி குறைந்தது, சதவீதத்தில் 25 குறைந்தது. நாட்டில் புதிதாகச் சேர்ந்த உற்பத்தியும் 25 சதவீதம் குறைந்ததா என்றால் இல்லை. முதல் ஆண்டு சேர்ந்தது 8, இரண்டாம் ஆண்டு 6.48. குறைவு 19 சதவீதம். இரண்டாம் ஆண்டின் ஆறு, பெரிதாகிவிட்ட 108இன் மேல் போடப்பட்ட ஆறு. பணவீக்கம் 6லிருந்து 4 ஆனால் விலைவாசி குறைந்தது என்று எழுதுவதும் இதே வகைப் பிழைதான், அதை விளக்க வேண்டியதில்லை.

உண்மையான எண்களில் இதைப் பார்க்க 2020, 2021ஆம் ஆண்டுகளின் ஏப்ரல்-ஜூன் காலாண்டைவிட நல்ல இடம் இல்லை. முதல் ஊரடங்கு நடந்த 2020 காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 24.4 சதவீதம் சுருங்கியது. அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 20.1 சதவீதம் வளர்ந்தது. 2021 ஆகஸ்ட் கடைசியில் வெளியான அரசின் புள்ளிவிவரம் இது. பின்னால் திருத்தங்கள் வந்தன, நாம் அன்றைய எண்களையே வைத்துக்கொள்வோம். 24.4 போனது, 20.1 வந்தது, இன்னும் 4.3 சதவீதம்தான் பாக்கி என்று அன்று பலரும் கணக்குப் போட்டார்கள். தேர்விலும் அப்படியே எழுதுகிறார்கள்.

ரூபாயில் பாருங்கள். 2019இல் அந்தக் காலாண்டின் உற்பத்தி 35.66 லட்சம் கோடி. 2020இல் 26.95. 2021இல் 32.38. பழைய 35.66க்கு இன்னும் 3.28 லட்சம் கோடி குறைகிறது. அது 9.2 சதவீதம். பாக்கி 4.3 என்று நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 20.1 சதவீதம் என்பது சுருங்கிப்போன 26.95இன் மேல் போடப்பட்டது. இருந்த இடத்துக்கே திரும்பி வரவே 32.3 சதவீத வளர்ச்சி தேவைப்பட்டிருக்கும். வளர்ச்சி விகிதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 0.756ஐ 1.201ஆல் பெருக்கினால் 0.908 வரும். ஒன்றிலிருந்து அது எவ்வளவு குறைவோ, அதுதான் பாக்கி.

இதே எண்களைப் புள்ளியில் சொன்னால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். கழித்தல் 24.4லிருந்து கூட்டல் 20.1 வரை 44.5 புள்ளி முன்னேற்றம். கழித்தல் சரி. ஆனால் பொருளாதாரம் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அந்த எண் ஒரு சொல்லும் சொல்வதில்லை. மேடைக்கு உதவும், விடைத்தாளுக்கு உதவாது. சற்று முன்னால், புள்ளிகளைக் கூட்டலாம் என்று ரெப்போவைப் பற்றிச் சொன்னேன். ரெப்போ ஒரு நிலை. ஆறரை என்றால் அன்று ஆறரை, அவ்வளவுதான். வளர்ச்சி விகிதம் அடுத்தடுத்த இரண்டு காலங்களைக் கட்டும் உறவு. அடுத்த ஆண்டின் விகிதம் வேறொரு அடித்தளத்தின் மேல் நிற்கும்.

சதவீத மாற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அடித்தள எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அது பிதற்றத் தொடங்கும். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி வரம்பின் மேல் முனை 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதம். 2023 ஜூலையில் 5.50. உயர்வு ஐந்தேகால் புள்ளி. சதவீதத்தில் 2,100. அந்த 2,100ஐ வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஜப்பானில் இன்னும் வேடிக்கை. 2024 மார்ச் வரை அங்கே கொள்கை வட்டி கழித்தல் 0.1. அதை விட்டு மேலே வந்தபோது மேல் முனை 0.1 ஆனது. கணக்குப்படி சதவீத மாற்றம் கழித்தல் 200. வட்டி ஏறியிருக்கிறது, விடை இறங்கியதாகச் சொல்கிறது. நம் 2020, 2021 காலாண்டுகளிலும் வளர்ச்சி விகிதம் எத்தனை சதவீதம் மாறியது என்று கேட்டால் இதே கதிதான். அடித்தளம் பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் புள்ளியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தேர்வு எழுதப் போகிறவர்களுக்காக ஒரே ஒரு கேள்வியைப் பிரித்துக் காட்டிவிட்டு முடிக்கிறேன். வட்டி விகிதம் 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது, உயர்வு எத்தனை சதவீதம்? கொடுத்திருக்கும் விடைகள் 2, 20, 25, 125. இந்த நான்கும் சும்மா வைத்த எண்கள் அல்ல. 2 என்று குறிப்பவர் கழித்ததோடு நின்றுவிட்டார். 20 என்று குறிப்பவர் பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய பத்தால் வகுத்தார். 125 என்று குறிப்பவர் வகுத்தார், ஆனால் கழிக்க மறந்தார். பத்து, எட்டின் 125 சதவீதம் என்பது உண்மை, உயர்வு அது இல்லை. விடை 25. குறித்த விடை சரியா என்று பார்க்க, அதைப் பழைய எண்ணின் மேல் போட்டுப் பாருங்கள். எட்டின் 25 சதவீதம் இரண்டு, எட்டும் இரண்டும் பத்து, வந்துவிட்டது. எட்டின் 20 சதவீதத்தைப் போட்டால் 9.6இல் நின்றுவிடும்.

கேள்வியைத் திருப்பியும் போடுவார்கள். வட்டி விகிதம் 10 சதவீதம், அது 20 சதவீதம் உயர்ந்தது, புதிய விகிதம் என்ன? எழுதியிருக்கிறபடி விடை 12. 20 சதவீதப் புள்ளி என்று இருந்தால் 30. விரிவான விடை எழுதும் தாளாக இருந்தால் பழைய விகிதம், புதிய விகிதம் இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டு, அதற்குப் பிறகு '2 சதவீதப் புள்ளி, அதாவது 20 சதவீதம் உயர்வு' என்று எழுதுங்கள். திருத்துகிறவர் எந்தப் பொருளில் கேட்டிருந்தாலும் அதில் விடை இருக்கும்.

இனி உங்கள் கேள்விகள்.